‘90 சதவீதம் கூடும்’ என்றால் எத்தனை பேர்?

சூடான தேநீர் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயத்தை 90 சதவீதம் கூட்டும் என்று 2019இல் உலகெங்கும் தலைப்புச் செய்திகள் வந்தன. ஹட்டனில் காலையிலும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் இடைவேளையிலும் சுடச்சுடப் பிளேன்டி குடிக்கிறவர்களுக்கு இது பயமுறுத்தும் செய்திதான்.

இந்தச் செய்திகளுக்கு அடிப்படையான ஆய்வு நடந்தது ஈரானின் கொலெஸ்தானில். 50,045 பேரைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்ததில் 317 பேருக்கு நோய் வந்தது. அதாவது 1000க்கு ஆறு பேர். இந்த நோய் மிக அதிகமுள்ள வட்டாரத்திலேயே அவ்வளவுதான்.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஆறவைத்துக் குறைவாகக் குடிக்கும் 2000 பேரில் பத்து ஆண்டுகளில் 10 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் கூடினால் 19 பேர். கூடுதல் 9 பேர். செய்தி 90ஐ மட்டும் சொல்லி, 2000ஐ விட்டுவிடுகிறது. நோய் அரிதான ஊரில் அதே 90 சதவீதம் இன்னும் குறைவான பேரையே கூட்டும்.

ஆகவே சதவீதத்தைக் கண்டால் தேடவேண்டியது: எத்தனை பேரில், எத்தனை ஆண்டில், எதிலிருந்து எதற்கு?

அந்த 90 சதவீதமும் 60 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில், நாளுக்கு 700 மில்லிலீட்டருக்குக் குறையாமல் குடித்தவர்களுக்கே. ஊற்றிய கோப்பையைச் சில நிமிடம் ஆறவிட்டால் அந்தச் சூடு இறங்கிவிடும்.