முதல் உத்தியோகத்தின் பன்னிரண்டு மாதங்கள்

இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பமொன்றின் மகள், க.பொ.த. உயர்தரம் படித்து முடித்தவர், கூட்டுறவுச் சங்கமொன்றின் பால் சேகரிப்பு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வீட்டில் மாதச் சம்பளம் எடுத்த முதல் ஆள் அவர்தான். ஓராண்டு தகுதிகாண் காலம். அது முடிந்த பின்னரே நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று சங்கம் தீர்மானிக்கும். அந்த ஓராண்டுக்கு அவர் ஒரு கற்றல் திட்டம் எழுதிக் கொப்பியொன்றில் வைத்திருந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை முதல் வேலைக்குப் போயிருந்தால், அந்தக் கொப்பி எப்படி வளர்ந்தது என்பது உதவக்கூடும்.

முதலில் அவர் எழுதியது பதினொரு விடயங்கள். கணினி, ஆங்கிலம், தலைமைத்துவம், பால் பரிசோதனை, கணக்கு என்று நீண்டது. சங்கம் அவருக்கு வழிகாட்டியாக நியமித்தவர் குளிரூட்டும் நிலையத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஓர் அக்கா. அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதிலை எது பிழைச்சால் நாளைக்கு ஒரு கமக்காரருக்குக் காசு குறையும்?” என்று கேட்டார். பதினொன்று மூன்றாகக் குறைந்தது: பாலின் கொழுப்பைச் சரியாக அளத்தல், பத்து நாட் கொடுப்பனவுத் தாளைப் பிழையின்றி எழுதுதல், பழுதான பாலைத் திருப்பி அனுப்பும்போது கமக்காரருக்கு விளங்கப்படுத்தல்.

அடுத்ததாக, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன என்று எழுத வேண்டியிருந்தது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். “பால் பரிசோதனைப் பயிற்சியிற் பங்குபற்றினேன்” என்பது வந்திருந்ததற்கு ஆதாரமே தவிர, செய்யத் தெரியும் என்பதற்கு ஆதாரமல்ல. அவருடைய கொப்பியில் இருந்தது வேறு வகை: “ஒரே மாதிரிப் பாலை நானும் அக்காவும் ஒருவர் முடிவை மற்றவர் பாராமல் அளக்க வேண்டும். பத்து மாதிரிகளில் ஒன்பதிலாவது வித்தியாசம் 0.1 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது.” இதைப் பிறகு எவர் படித்தாலும் ஆமா, இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கொழுப்பளக்கும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். அளவிட்ட கண்ணாடிக் குழாயில் முதலில் 10 மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம், அதன் மேல் 10.75 மில்லிலீற்றர் பால், பின்பு 1 மில்லிலீற்றர் அமைல் அற்ககோல். மூடியை இறுக்கி, துணியாற் சுற்றிப் பிடித்துக் குலுக்கி, சுழற்றும் இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, 65 பாகை வெந்நீரில் வைத்த பின் கொழுப்பின் நிரலை வாசிக்க வேண்டும். பாலைக் குழாயின் சுவரோடு மெதுவாக விடாவிட்டால் அமிலத்தோடு சட்டென்று கலந்து பால் கருகிவிடும். நிரலுக்குள் கறுப்புத் துகள்கள் தெரிந்தால் அந்த வாசிப்பைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

முதல் மாதம் அளந்த பத்து மாதிரிகளில் நாலு பிழைத்தன. பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் வழிகாட்டி எண்ணிக்கையோடு நிற்கவில்லை; நாலு பிழைகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தார். நாலிலும் பிள்ளையின் அளவு குறைவாகவே இருந்தது. நாலும் தூரத்திலிருந்து வந்து நேரம் சென்று இறக்கிய கான்களின் பால். கை நடுக்கத்தால் வந்த பிழையாயின் சிலது கூடியும் சிலது குறைந்தும் இருந்திருக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். தேடியபோது தெரிந்தது: நின்ற பாலிற் கொழுப்பு மேலே ஏறிவிடும், பிள்ளை அதைக் கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்திருந்தார். குழாயில் பிழையில்லை, அகப்பையிற்தான் பிழை. கலக்கும் தடியால் மேலும் கீழுமாகப் பலமுறை கலக்கி எடுக்கப் பழகிய பின், மூன்றாம் மாதப் பார்வையிடலில் பத்தில் ஒன்று மட்டுமே விலகியது.

பிழைத்த நாலையும் அவர் கொப்பியிலிருந்து கிழித்தெறியவில்லை. கிழித்திருந்தால் மூன்றாம் மாத முடிவுக்குப் பெறுமதி குறைந்திருக்கும்.

பார்வையிடல் மூன்று மாதத்துக்கொரு முறை, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வழிகாட்டி கேட்டவை மூன்றே கேள்விகள்: என்ன காட்டப்போகிறாய்? எங்கே பிழைத்தது? அடுத்த மூன்று மாதத்தில் எதை மாற்றுவாய்? பதிலைப் பிள்ளையே எழுத, இருவரும் திகதியிட்டு ஒப்பமிட்டார்கள். வருட முடிவில் ஒரேயடியாகப் பார்க்கலாம் என்று விடும் இடங்களும் உண்டு. அப்படி விட்டிருந்தால் அந்த அகப்பைப் பிழை பன்னிரண்டு மாதமும் நடந்திருக்கும். கொழுப்பைப் பார்த்துத்தான் பாலுக்கு விலை, இழப்பு கமக்காரருக்கே.

ஆறாம் மாதம் திட்டம் இடறியது. குடும்பத்துக்குச் சொந்தக் காணிக்குத் திரும்ப அனுமதி கிடைத்து, பற்றை வெட்டிக் கிணறு இறைக்க அவரும் மூன்று கிழமை லீவில் நின்றார். கொடுப்பனவுத் தாளுக்குக் காட்ட ஒன்றுமில்லை. வழிகாட்டி அதை அப்படியே எழுதச் சொன்னார்: “லீவு, தாள் எழுதவில்லை, ஒன்பதாம் மாதத்துக்கு மாற்றப்பட்டது.” திகதி மாறினாலும் அளவுகோல் மாறவில்லை. தொடர்ந்து மூன்று தாள்கள், கமக்காரரின் கொப்பியோடு ஒத்துப்பார்க்கையில் ஒரு திருத்தமும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் அதைச் செய்து காட்டினார்.

மூன்றாவது திறன் கடினமானது. பழுதான பாலைத் திருப்பி அனுப்புவதைக் குழாயில் அளக்க முடியாது. ஒரு நாட்காலை முதியவர் ஒருவரின் பால், அற்ககோல் விட்டதும் திரைந்தது. “பிள்ளை, என்ர பாலிலை என்ன குறை? நான் தண்ணி கலக்கிறவன் இல்லை,” என்றார் அவர். பிள்ளை அவருக்கு முன்னாலேயே இன்னொரு முறை சோதித்துக் காட்டி, “ஐயா, தண்ணியில்லை, புளிப்பேறியிருக்கு. நேற்றுப் பின்னேரப் பாலை இதோடை சேர்த்தனீங்களோ?” என்று கேட்டார். சேர்த்துத்தான் இருந்தார். வழிகாட்டி பக்கத்தில் நின்று, என்ன சொல்லப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டார். திருப்பிய பாலின் பதிவேட்டில் காரணமும், அந்த அங்கத்தவர் மறுநாள் பால் கொண்டுவந்தாரா என்பதும் எழுதப்பட்டன. மறுநாட் காலை வந்தாரென்றால் விளக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நல்ல ஆதாரம், ஆனால் முழு ஆதாரமல்ல. பால் கொடுக்க வேறு இடமில்லாதவரும் மறுநாள் வரத்தான் செய்வார். ஆகையால் வழிகாட்டியின் நேரடிக் குறிப்பையும் சேர்த்தே எடுத்தார்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். வழிகாட்டியே முகாமையாளராகவும் இருந்தால், வேலை போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகள் பிழைகளை எழுதமாட்டார்கள். இங்கே வழிகாட்டி வேறு நிலையத்தைச் சேர்ந்தவராக இருந்தது நல்லதாயிற்று. அப்படி ஒருவர் கிடையாவிட்டால், பிழைகளை எழுதும் பக்கம் பிள்ளையிடமே இருக்கும், சம்பளத் தீர்மானத்துக்கு எடுபடாது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம் அவர் புதிதாக வந்த ஒருவருக்குக் கொழுப்பளக்கப் பழக்கினார். புதியவரின் பத்து மாதிரிகளும் அதே கொப்பியில் ஏறின. சங்கம் அவரை நிரந்தரமாக்கியது.

அந்தக் கொப்பிக்கு வெளியிலும் பயனுண்டு. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறப் பயிற்சிநெறிதான் ஒரே வழியல்ல. வேலையிற் கற்றதை ஆதாரத்தோடு காட்டி மதிப்பிடப்படும் வழியுமுண்டு. தம் தொழிலுக்கு அப்படி மதிப்பீடு உள்ளதா என்பதை மாவட்டத் தொழிற்பயிற்சி அலுவலகத்திற் கேட்கலாம். கொப்பியில் அங்கத்தவர்களின் பெயரை எழுத வேண்டாம், இலக்கம் போதும்.

1995 ஒக்டோபரிலும் 2009இலும் சான்றிதழ்களை விட்டுவிட்டு ஓடியவர்கள் நம்மில் பலர். பிள்ளையின் தாயார் ஒவ்வொரு பார்வையிடலுக்குப் பின்னும் அந்தப் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றைத் தமக்கையின் வீட்டிலும் ஒன்றை வழிகாட்டியிடமும் கொடுத்து வைத்தார்.