விரலின் வேகமும் வழங்கியின் வரம்பும்

நுழையும்முன்

புதிதாகத் தொடங்கிய சமூக ஊடகக் கணக்கு ஒன்று ஒரே மாலையில் முடங்கிப்போவது உண்டு. எவரையும் இகழவில்லை, தகாத படம் எதையும் பதிவேற்றவில்லை, ஆயினும் தடை வந்துவிடுகிறது. அத்தடையைப் பிறப்பிப்பது எது, அது எவ்வாறு எண்ணுகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

என் மாணவி ஒருத்தி, தன் தாய் முடையும் பனையோலைக் கூடைகளை விற்பதற்காகப் படப்பகிர்வுத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினாள். சனிக்கிழமை நடைபெறவிருந்த கைவினைக் கண்காட்சிக்கு நான்கு நாள்களே இருந்தன. அன்று மாலை, கைவினைப் பொருள் விற்கும் பெரிய கடை ஒன்றைப் பின்தொடர்வோரின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் அருகிலிருந்த பொத்தானை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போனாள். சில நிமிடங்களில் திரையில் `Action Blocked` என்னும் அறிவிப்புத் தோன்றியது. மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தாள், பயனில்லை. “யாரோ என்மீது புகார் கொடுத்திருக்கிறார்கள் ஐயா” என்று மறுநாள் கலங்கிய முகத்துடன் வந்து நின்றாள்.

புகார் கொடுக்க எவரும் தேவையில்லை. நாம் பொத்தானை அழுத்தும்போது திறன்பேசி ஒரு வேண்டுகோளைத் தளத்தின் வழங்கிக்கு அனுப்புகிறது. எந்தக் கணக்கிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து, எந்த நொடியில், என்ன செயலுக்காக அது வந்தது என்பதே வழங்கிக்குத் தெரியும். அழுத்தியவர் கூடை விற்க முனையும் மாணவியா, ஆயிரம் போலிக் கணக்குகளை ஓட்டும் நிரலா என்பது தெரியாது. எனவே, அது வேகத்தை அளக்கிறது. மனிதர் ஒரு படத்தைப் பார்ப்பார், சற்று நிற்பார், வேறொன்றுக்குச் செல்வார். நிரலோ சீரான இடைவெளியில் ஒரே செயலைச் செய்துகொண்டிருக்கும். அம்மாணவி பட்டியலை ஒரே சீராக அழுத்திச் சென்றபோது, வழங்கியின் பார்வையில் அவளும் ஒரு நிரலைப் போலவே தோன்றினாள்.

குறிப்பிட்ட காலத்திற்குள் இத்தனை செயல்களே செய்யலாம் என வகுக்கும் விதியை வீத வரம்பு என்பர். மணிக்கு 60 எனக் கொண்டு, ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் எண்ணிக்கையைச் சுழியமாக்கினால் போதுமே எனத் தோன்றலாம். அதில் ஓட்டை உண்டு. 9.59 மணிக்கு 60 செயல்களையும் 10.00 மணிக்கு மேலும் 60 செயல்களையும் செய்தால், விதியை மீறாமலேயே இரண்டு நிமிடங்களில் 120 செயல்கள் முடிந்துவிடும்.

இவ்வோட்டையைக் குறைக்கப் பயன்படும் முறைகளுள் ஒன்று வில்லை வாளி. ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரு வாளி உள்ளதாகக் கொள்வோம். அதில் அதிகபட்சம் 20 வில்லைகள் கொள்ளும். நிமிடத்திற்கு ஒரு வில்லை வந்து விழும். வாளி நிறைந்திருந்தால் மேற்கொண்டு விழுவது வீண். ஒரு செயலுக்கு ஒரு வில்லை செலவாகும். இவ்வெண்கள் கணக்கிட்டுப் பார்ப்பதற்காக நாம் வைத்துக்கொண்டவை.

நிறைந்த வாளியுடன் தொடங்கும் ஒருவர், 3 நொடிக்கு ஒருமுறை அழுத்துகிறார். முதல் அழுத்தம் சுழிய நொடியில் எனில், இருபதாவது அழுத்தம் 57ஆம் நொடியில் நிகழும், வாளி காலியாகும். 60ஆம் நொடியில் புதிய வில்லை ஒன்று விழ, இருபத்தொன்றாவது அழுத்தமும் தப்பிவிடும். 63ஆம் நொடியில் வரும் இருபத்திரண்டாவது அழுத்தம் மறுக்கப்படும். வேறொருவர் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை அழுத்தினால், நாள் முழுதும் அழுத்தினாலும் மறுப்பைக் காணமாட்டார். அரைமணி நேரம் ஓய்ந்திருந்து வந்து பதினைந்தை விரைந்து அழுத்துபவரையும் வாளி பொறுத்துக்கொள்ளும். திடீர் ஆர்வத்திற்குச் சிறிது இடமளித்து, அது நீடிப்பதைத் தடுப்பதே இம்முறையின் நயம்.

மறுப்பைத் தெரிவிக்க இணைய நெறிமுறையிலேயே ஓர் எண் உண்டு. `429 Too Many Requests` என்னும் அவ்வெண் 2012ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை அதனுடன் `Retry-After` என்னும் குறிப்பாகவும் அனுப்பலாம். நிரலர்களுக்குக் கிடைக்கும் இந்தத் தெளிவு, திறன்பேசித் திரையைப் பார்த்துத் திகைக்கும் சாதாரணப் பயனருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதைக் குறையென்றே கருதுகிறேன்.

புதிய கணக்கிற்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? எரிதம் பரப்புவோருக்குக் கணக்குத் தொடங்குவது ஏறத்தாழச் செலவற்ற வேலை. ஒன்று முடக்கப்பட்டால் இன்னொன்றைத் தொடங்குவர். பல்லாண்டுகள் வழங்கிய கணக்கிற்கோ நண்பர்களும் உரையாடல்களும் பழைய படங்களும் சான்றாக நிற்கின்றன. சான்றில்லாத கணக்கிற்குத் தளங்கள் சிறிய வாளியைத் தருகின்றன. நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளம் இதை வெளிப்படையாகவே செய்கிறது: தன் இடைமுகத்தை அடையாளம் காட்டாமல் அணுகும் நிரலுக்கு மணிக்கு 60 வேண்டுகோள்கள், அடையாளம் காட்டிய பயனருக்கு 5000. இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் மணிக்கணக்கான தம் வரம்புகளை வெளியிடுவதில்லை. எண் தெரிந்துவிட்டால், எரிதக்காரர் அதற்கு ஒன்று குறைவாக நிரலை அமைத்துக்கொள்வாரன்றோ! ஆதலால், ‘நாளுக்கு இத்தனை பேர்வரை அச்சமில்லை’ என இணையத்தில் உலவும் பட்டியல்களை நம்புவதற்கில்லை.

தடைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வாளி காலியானதால் எழும் மறுப்பு, சிறிது நேரத்தில் தானே நீங்கும். ஐயத்திற்குரிய நடத்தை எனத் தளம் முடிவுசெய்து விதிக்கும் தடை, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நீடிக்கும். பின்தொடரும் செயல் மட்டும் மறுக்கப்பட்டு, விருப்பக்குறி இடுதல் இயல்பாக நடந்தால், செயல்வகைக்கு ஒன்றாகத் தனித்தனியே எண்ணப்படுகிறது என்று அறியலாம். மறுக்கப்பட்டபின் மீண்டும் மீண்டும் அழுத்துவது, விடாது தட்டும் நிரலின் இயல்பை ஒத்திருப்பதால் ஐயத்தை வலுப்படுத்தும்.

சிலவேளை பிழை கணக்கின்மீது இருப்பதே இல்லை. விடுதி மாணவர் நூறு பேர் ஒரே அருகலையைப் பயன்படுத்தும்போது, வெளியுலகிற்கு அவர்கள் ஒரே இணைய முகவரியாகத் தெரிவர். முகவரிவாரியாக எண்ணும் வழங்கி, நூறு பேரின் அழுத்தங்களையும் ஒருவருடையனவாகக் கூட்டிவிடும். அருகலையைத் துண்டித்துத் திறன்பேசியின் தரவு இணைப்பில் ஒரேயொரு முறை முயன்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். அதிலும் தடை தொடர்ந்தால், காரணம் பெரும்பாலும் கணக்கிலேயே உள்ளது.

மாணவியிடம் மேலும் வினவியபோது வேறொன்றும் வெளிப்பட்டது. தடை வந்த இரவே, பின்தொடர்வோரைப் பெருக்கித் தருவதாகக் கூறிய செயலி ஒன்றில் தன் கடவுச்சொல்லை இட்டிருந்தாள். அச்செயலி அவள் பெயரால், அவள் உறங்கும்போதும் முன்பின் அறியாதவர்களைப் பின்தொடர முயன்றுகொண்டிருந்தது. அவள் ஓய்ந்திருந்தும் வழங்கியின் ஐயம் ஓயாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும். கடவுச்சொல்லை மாற்றச் செய்தேன். கணக்கில் நுழைந்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, அவளுடையது அல்லாத அனைத்தையும் வெளியேற்றினாள். பின்பு பொத்தானைத் தொடாமல் இருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை தடை நீங்கியது. அன்று அவள் பின்தொடர்ந்தவர் ஆறு பேர், அறுவரும் அவ்வூர்க்காரர்கள். ஒவ்வொருவர் படத்தையும் நின்று பார்த்து, கண்காட்சியில் தன் கடை எங்கே இருக்கும் என்பதை ஒரு வரியில் எழுதினாள். அவர்களில் இருவர் சனிக்கிழமை கூடை வாங்க வந்தனர்.