பெயர் சூட்டும் நாளுக்கு வாழ்த்து: கேள்வி-பதில்

கேள்வி: நண்பரின் ஆண் குழந்தைக்கு நாமகரணம். வாழ்த்து மடலில் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று எழுதலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எழுதக் கூடாது. அது மணமக்களுக்கு உரிய ஆசி. குழந்தைக்குத் திருமணம் நடக்கும்போது எழுதுங்கள்.

கேள்வி: குழந்தையின் தகப்பனார் என்னைவிட வயதில் மூத்தவர். நான் ஆசி எழுதுவது மரியாதைக் குறைவாகாதா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆசி குழந்தைக்குத்தானே? அது உங்களைவிட இளையது. தைரியமாக எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரித் தோழியின் பெண் குழந்தைக்குப் பதினோராம் நாள் பெயர் வைக்கிறார்கள்; பொன்னி என்று முடிவு செய்திருக்கிறார்களாம். வெள்ளிக் கிலுகிலுப்பை ஒன்று வாங்கியிருக்கிறேன். ‘நீ கல்வியிற் சிறந்து, மருத்துவராகி, பெற்றோருக்குப் பெருமை தேடித் தந்து, உலகப் புகழ் எய்தி, வற்றாத காவிரிபோல் நூறாண்டு வாழ வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏதோ குறைவதுபோல் தோன்றுகிறது.
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, மிகுதியாக இருப்பதுதான் உங்கள் வாக்கியத்தின் தோஷம். பிறந்து பதினொரு நாளே ஆன சிசுவின் தலையில் கல்லூரிப் படிப்பையும் உத்தியோகத்தையும் பெற்றோரின் கௌரவத்தையும் ஒரே மூச்சில் ஏற்றி வைக்கிறீர்கள். வாழ்த்து மடல் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அந்த மடலை எந்த வீட்டுக் குழந்தைக்கும் அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் கண்ணிற் படுவதே இல்லை.

நம் புலவர்கள் குழந்தையைப் பாடிய முறையைச் சற்றுக் கவனியுங்கள். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் பத்துப் பருவங்களாக வகுக்கப்பட்டது. தெய்வங்கள் குழந்தையைக் காக்க என்று வேண்டும் காப்புப் பருவத்தில் தொடங்கி, ஒரு முழங்காலையும் இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை என்றும், இரு கை சேர்த்துக் கொட்டும் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்றும், குழந்தை வளர வளரப் பாட்டும் அதனோடு வளர்ந்து செல்கிறது. பாட்டுடைத் தலைமகள் மதுரையை ஆளும் மீனாட்சியே ஆனாலும், பதினேழாம் நூற்றாண்டிலே அவளைப் பாடிய குமரகுருபரர் இந்தக் கிரமத்தை விடவில்லை. தேவிக்கே இந்தப் பொறுமை காட்டப்பட்டதென்றால் உங்கள் தோழியின் மகளுக்கும் காட்டலாம் அல்லவா? இன்று அவளுக்கு வேண்டியவை பாலும் உறக்கமும் காப்புமே, அவற்றைக் கேளுங்கள். மிஞ்சிப் போனால், அடுத்து வரும் ஓர் ஐந்தாறு மாதங்களுக்குள் நிகழப் போகிற ஒரு சந்தோஷத்தைக் கேளுங்கள்.

அந்தச் சந்தோஷம் எதுவென்று தேட வேண்டியதில்லை; நீங்கள் வாங்கிய கிலுகிலுப்பையே சொல்லிக் கொடுக்கிறது. முதலில் குழந்தை அந்த ஓசைக்கு முகம் திருப்பும். பின்பு கையில் வைத்தால் பற்றிக்கொள்ளும். அதன்பின் தானே ஆட்டும். அளிக்கும் பொருள் எதுவோ அதை வாழ்த்துக்குள் கொண்டுவந்துவிட்டால், பொருளும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

பெயரையும் வீணாக்காதீர்கள். மடலின் தலைப்பில் ‘பொன்னிக்கு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் முழுவதும் ‘நீ’ என்று போவதில் சுகமில்லை. ‘பொன்னீ’ என்று ஈறு நீட்டி விளியுங்கள். பெயர் சூட்டும் நாளன்று அந்தப் பெயரால் அவளைக் கூப்பிடுகிற முதற்சிலரில் நீங்களும் ஒருவராவீர்கள். காவிரியின் பெயர் அது என்பதை நீங்கள் உணர்ந்தே உவமை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் ‘வற்றாத’ என்ற சொல்லைப் படித்தவுடன் மனம் முதலில் வற்றிய ஆற்றைத்தானே நினைக்கிறது? நிறைந்த ஆற்றையே நேராகச் சொல்லுங்கள். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

*பொன்னீ, வருக! ஆடிப்பெருக்கின் ஆறுபோல் நிறைந்த பெயர் உனக்கு வாய்த்திருக்கிறது. வயிறு நிறையப் பாலுண்டு, கண் நிறைய உறங்கி, வளர்க. இந்தக் கிலுகிலுப்பையின் ஓசை வரும் திசையில் நீ முகம் திருப்புக. பின்னர் உன் கையாலேயே அதைப் பற்றி ஆட்டுக. உன் அம்மாவின் தோழியாகிய நான் அந்த ஓசையைக் கேட்க வருவேன். வாழ்க!*

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை எழுதினால் போய்ப் பார்க்கவும் வேண்டும். இயலாதென்றால் அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: என் சிநேகிதர் வீட்டில் முதற் குழந்தை தவறிவிட்டது. இப்போது பிறந்திருக்கும் குழந்தைக்கு ‘இதுவாவது நோய்நொடியின்றித் தங்கட்டும்’ என்று மனமார எழுத விரும்புகிறேன். பிழையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மனத்தில் பிழையில்லை. ஆயினும் அந்த வரியை எழுதாதீர்கள். மறைந்த குழந்தையைத் தாய் மறந்திருக்கமாட்டாள். அதை நினைவூட்டும் உரிமை ஒரு வாழ்த்து மடலுக்கு இல்லை. ‘இதுவாவது’ என்பது இந்தக் குழந்தையை இன்னொன்றன் இடத்தில் வைத்துவிடுகிறது. அதற்கென்று தனியாக ஒரு பிறப்பும் பெயரும் இருக்கின்றன.

நோய், நொடி, துன்பம், தீங்கு ஆகிய சொற்களை ‘இன்றி’, ‘அணுகாமல்’ என்று விலக்கி எழுதினாலும் அவை மடலில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. செய்யுள் மங்கலச் சொல்லால் தொடங்க வேண்டும் என்று விதித்த நம் பாட்டியல் நூலார், சீர், திரு, மணி, பூ, பொன், நீர், கடல், மலை முதலியவற்றை அதற்கென எடுத்துக் காட்டினார்கள். பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தில் தெய்வங்களை அழைக்கும்போதுகூட அவர்களுடைய சங்காரச் செயல்களைச் சொல்லலாகாது என்று விலக்கினார்கள். தொட்டிலின் அருகே நின்று பேசுகிறவனுக்கு அந்த ஜாக்கிரதை வேண்டும். ‘திருவும் பலமும் பெற்று, வீடு நிறைய வளர்க’ என்று எழுதுங்கள். நீங்கள் எண்ணியது அத்தனையும் அதில் இருக்கிறது. சிநேகிதரிடம் சொல்ல வேண்டிய ஆறுதலை நேரில், அவர் தனித்திருக்கும் சமயத்தில், சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: பெயரை விழா நாள்வரை வெளியிடமாட்டார்களாம். முன்கூட்டியே தபாலில் அனுப்ப வேண்டியவர் எப்படி எழுதுவது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: காதில் முதன்முதலாக ஓதிய பின்பே பெயர் பிறருக்குத் தெரியலாம் என்பது பல குடும்பங்களின் வழக்கம், ‘எனக்கு மட்டும் சொல்’ என்று நச்சரிக்காதீர்கள். ‘கண்ணே’, ‘செல்வமே’ என்ற விளியோடு எழுதி, அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டு அனுப்புங்கள். அங்கே பெயரைத் தாயார் தம் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். தெரியாத பெயரை ஊகித்து எழுதுவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: இஸ்லாமிய நண்பர் வீட்டில் ஏழாம் நாள் அகீகா, அன்றே பெயரும் வைக்கிறார்கள். நம் வழக்கப்படி மடலின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவலாமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். பிள்ளையார் சுழியும் வேண்டாம். ‘இறைவன் அருளால்’ என்று தொடங்குங்கள். இரு வீட்டாருக்கும் பொதுவான சொல் அது.

கேள்வி: வாழ்த்தை வெள்ளிச் சங்கின்மேல் சுற்றி ரப்பர் வளையம் போட்டு அனுப்பினேன். சங்கில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டதாகத் தோழி சொல்கிறாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் சேர்ந்திருக்கிறது. கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும். திருநீற்றை ஈரத்துணியில் தொட்டு மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள், கோடு போய்விடும். தேய்த்த பின் வெந்நீரில் நன்றாகக் கழுவிய பிறகே குழந்தைக்கு அதில் பால் புகட்ட வேண்டும். இனிமேல் வெள்ளியைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வாழ்த்தைத் தனி உறையிலிட்டு, உறையின்மேல் குழந்தைக்கென்றே முகவரி எழுதுங்கள். பொட்டலத்தோடு ஒட்டியிருக்கும் காகிதத்தை, விழாக் கூட்டத்தில் பிரிக்கிறவர்கள் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.