மோட்டார் ஓடிய மணியும் மழைமானியும்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில், அதே தென்காசி மாவட்டத்தின் கிழக்கே திருவேங்கடம் கரிசலில் புழுதிதான் பறக்கும். இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மற்ற நாளில் கிணறுதான். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், வாரத்துக்கு எவ்வளவு இறைத்தோம் என்று சொல்ல ஒரு பில்லும் வருவதில்லை. கணக்கைத் தோட்டக்காரர்தான் எழுத வேண்டும்.

பலரும் மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் நோட்டில் குறிக்கிறார்கள். நடுவில் கரண்ட் போனது அதில் சேராது. ஆட்டோ ஸ்டார்ட்டர் நடுராத்திரியில் தானே ஓட்டியதும் சேராது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கான்டாக்டரோடு ஒரு ஹவர் மீட்டரை இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்தத் திங்கள் காட்டும் எண்ணில் போன திங்கள் எண்ணைக் கழித்தால் ஓடிய மணி கிடைத்துவிடும்.

மணியைத் தண்ணீராக மாற்ற 200 லிட்டர் டிரம் போதும். மோட்டார் கால் மணி நேரம் ஓடி, தண்ணீர் சீரான பிறகு குழாயை டிரம்மில் விட வேண்டும். 40 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். ஆனால் இந்த எண்ணை வருஷம் முழுக்க நம்பக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, அதே டிரம் நிறைய 55, 60 விநாடி ஆகும். மீட்டரோ பழையபடியே ஓடும். மோட்டார் காற்றை இழுத்தாலும் மீட்டர் மணியைக் கூட்டிக்கொண்டேதான் போகும். வழக்கமான மணி ஓடியும் கடைசிப் பாத்தி நனையவில்லை என்றால் கணக்கு பொய்க்கிறது என்று அர்த்தம். நான் பார்த்தவரை, மாதம் ஒருமுறை டிரம் வைக்காத நோட்டு கோடையில் உதவாது.

மழைமானியை வேப்பமரத்தடியில் வைப்பவர்கள் உண்டு. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி, வெட்டவெளியில் வைக்க வேண்டும். வானிலைத் துறையைப் போலக் காலை 8.30-க்கு அளப்பது நல்லது. ஹவர் மீட்டரையும் அதே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வாரம் ஒன்றாக அமையும்.

இரண்டு ஏக்கர் கத்தரித் தோட்டம் ஒன்றில் மோட்டார் வாரத்தில் 9 மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18,000 வீதம் 1,62,000 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 81,000. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். ஆகவே பாய்ச்சியது 20 மி.மீ. மழை ஒருநாள் 18 மி.மீ., இன்னும் இரண்டு நாள் 2 மி.மீ. வீதம். வானிலைத் துறை 2.5 மி.மீ.க்குக் குறைந்த நாளை மழைநாளாகவே எண்ணுவதில்லை. அந்தத் தூறல் மண்ணுக்குள் இறங்குமுன் வெயிலில் போய்விடும். அதை விட்டுவிட்டால் மொத்தம் 38 மி.மீ.

பயிரும் வெயிலுமாக நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் வாரத் தேவை 35. மழை விழுந்த மறுநாளும் வழக்கப்படி மோட்டார் போட்டிருந்தால், அது நோட்டில் அப்படியே தெரியும். வார அறிக்கைக்கு மூன்று வரி போதும்: பாய்ச்சியது, பெய்தது, கடைசியாக டிரம் நிறைந்த விநாடி. மூன்றாவது வரி ஏறிக்கொண்டே போனால், அடுத்த வாரம் பாய்ச்சும் பரப்பைக் குறைத்துவிடுங்கள்.