தாய்லாந்து எழுத்து: பட்டியலா, வர்க்க வரிசையா?

தாய்லாந்து மொழியின் 44 மெய்யெழுத்துகள் நடு, உயர், தாழ் என்று மூன்று வகுப்புகளாகப் பிரிகின்றன. ஓர் அசையின் தொனியைக் கண்டுபிடிக்க அதன் முதல் மெய்யெழுத்தின் வகுப்பு தெரிந்தாக வேண்டும். அதை மனத்தில் பதிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பட்டியல். நடு 9, உயர் 11. இந்த இருபதையும் மனப்பாடம் செய்துவிட்டால் மற்ற 24 எழுத்துகளும் தாழ். சுருக்கமான வழிதான். ஆனால் காரணம் தெரியாமல் உருப்போட்டது சீக்கிரம் குழம்பும்.

மற்றொன்று, வர்க்க வரிசை. பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்தது இந்த எழுத்து. வரிசையும் அதே க, ச, ட, த, ப வர்க்கங்கள். ஒவ்வொரு வர்க்கத்திலும் முதல் ஒலிக்கு உரியது நடு, இரண்டாவது உயர், மூன்றிலிருந்து மெல்லினம் வரை தாழ். ட, த, ப வர்க்கங்களின் தொடக்கத்தில் கூடுதலாக நிற்கும் எழுத்தும் நடுவே. வர்க்கத்துக்கு வெளியே ய, ர, ல, வ தாழ். மூன்று ஸகரங்கள் உயர். இன்னும் சில எழுத்துகளைத்தான் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். இந்தியோ கிரந்தமோ படித்தவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பட்டியலே எளிது. முதலில் நடு ஒன்பதை மட்டும் வைத்துச் சொற்களைப் படியுங்கள்.

எந்த வழியில் போனாலும் சறுக்கும் இடம் ஒன்றுதான். 'முட்டை' என்று பெயர் பெற்ற எழுத்து உயர் வகுப்பு, 'எருமை' என்று பெயர் பெற்ற எழுத்து தாழ் வகுப்பு. இரண்டுக்கும் இன்று ஒரே 'க்ஹ' ஒலி. இரண்டோடும் நெடில் ஆகாரம் சேருங்கள். தொனிக்குறி இல்லாதபோது முட்டைக்கு எழும் தொனி, 'கால்' என்று பொருள். எருமைக்கு நடுத் தொனி. 'மாய் தோ' குறியை இட்டால் முட்டைக்கு விழும் தொனி, எருமைக்கு உயர் தொனி. எருமையில் அது 'வணிகம் செய்' என்று பொருள்படும். குறி ஒன்று, தொனி இரண்டு. உயர் வகுப்பு எழுத்து உயர் தொனியில் ஒலிப்பதே இல்லை என்பதையும் இங்கேயே மனத்தில் வையுங்கள். குறியை மட்டும் பார்த்துத் தொனி சொல்பவர் இந்த இணையில் உடனே பிடிபடுவார்.

குறி இல்லாமல் க், த், ப் ஒலியில் முடியும் அசைகளில் தாழ் வகுப்புக்குக் குறில் நெடிலும் முக்கியம். 'ரக்' (நேசி) குறில், உயர் தொனி. 'மாக்' (மிகுதி) நெடில், விழும் தொனி. நடு, உயர் வகுப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. குறிலானாலும் நெடிலானாலும் தாழ்ந்த தொனிதான்.

ஆகவே ஐந்து தொனிகளுக்கான முழு அட்டவணையை முதல் நாளே எடுக்காதீர்கள். நடு வகுப்பு, பிறகு தாழ், கடைசியில் உயர் என்று போங்கள். தாழ் எழுத்துக்கு முன்னால் ஓசையின்றி நின்று அதை உயர் வகுப்பாக்கும் ஹகரத்தை, மூன்றும் கைவந்த பிறகு பாருங்கள்.