சேற்றுப்புண் சீழில் இரண்டு காக்கஸ்: மூன்று நாளில் பிரித்தறிவது எப்படி

மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கினால் தஞ்சைப் பக்கம் சேற்றுப்புண்ணும் கூடவே வரும். நாற்று நடும் பெண்களின் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, வெடிக்கும். ஈரமும் பூஞ்சையும் தொடங்கிவைத்த அந்த வெடிப்பில் பாக்டீரியா புகுந்தால் சீழ் கோக்கும், கால் வீங்கும். அந்தச் சீழை ஸ்வாபில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் இருவர்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். பின்னதற்கு இன்றுவரை பென்சிலின் கேட்கிறது. முன்னதில் பெரும்பாலானவை பென்சிலினை உடைத்துவிடும். ஆகவே எது என்று சொல்லாமல் ‘கிராம் பாசிட்டிவ் காக்கஸ் வளர்ந்தது’ என்று எழுதி அனுப்பினால் மருத்துவருக்கு அரைப் பதில்தான் கிடைக்கும்.

இரண்டும் கலந்தே வளர்ந்த ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். செய்முறைத் தேர்வில் கலவை கொடுத்தாலும் இதே வழிதான்.

முதல் நாள்

ஸ்வாபை முதலில் ரத்த அகாரில் தேய்த்துவிட்டு, பிறகு ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயம் ஏற்றுங்கள். ஸ்லைடு கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதால்தான் இந்த வரிசை. ஊதா நிற உருண்டைகள் சில இடத்தில் கொத்தாகவும் சில இடத்தில் மூன்று நான்காகக் கோத்தும் தெரியும். இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். சங்கிலி அமைப்பு திரவ ஊடகத்தில் வளர்ந்தால்தான் ஒழுங்காகத் தெரியும். அகார் காலனியிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கொத்துப்போலவே கிடந்து ஏமாற்றும்.

ரத்த அகாருக்குச் செம்மறி ஆட்டு ரத்தம் 5 சதவீதம் வேண்டும். உருக்கிய அகார் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே ரத்தத்தைச் சேர்க்க வேண்டும். சூடு அதிகமானால் தட்டு பழுப்பாகிவிடும், சிவப்பணு எல்லாம் ஏற்கெனவே உடைந்துபோனதால் ஹீமோலைசிஸ் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆட்டு ரத்தம் கிடைக்கவில்லையென்று ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனித ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கலாம், ரத்தம் கொடுத்தவர் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம். வளர்ச்சியும் ஹீமோலைசிஸும் இரண்டும் மங்கிப்போகும்.

தேய்க்கும்போது லூப்பால் அகாரில் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடுங்கள். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும், குத்திய பள்ளத்துக்குள் அது வேலை செய்வது தெரியும். தட்டைக் கேண்டில் ஜாரில் வைத்து 37 டிகிரியில் இரவு முழுக்க விடவும்.

இரண்டாம் நாள்

தட்டை மேசையில் வைத்துப் பார்ப்பவர்கள்தான் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் குழப்புகிறார்கள். கையில் தூக்கி, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும்படி பிடியுங்கள். காலனியைச் சுற்றி முழுவதும் தெளிந்து, அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தால் பீட்டா. பச்சை கலந்த மங்கல் வளையமானால் ஆல்ஃபா: அங்கே சிவப்பணு முழுதாக உடையவில்லை, பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினை மாற்றியதால் வந்த நிறம் அது. மாற்றமே இல்லையென்றால் காமா. சந்தேகமிருந்தால் காலனியை லூப்பால் தள்ளிவிட்டு அதன் அடியில் பார்க்கலாம்.

நம் தட்டில் இரண்டு வகை. ஒன்று 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில், பளபளப்பாக, பொன் மஞ்சளாக இருக்கிறது, சுற்றிலும் ஒடுங்கிய தெளிந்த வளையம். மற்றது 1 மில்லிமீட்டர்கூட இல்லாத சாம்பல் நிறப் புள்ளி, ஆனால் வளையம் காலனியைவிடப் பல மடங்கு அகலம். இரண்டுமே பீட்டா. ‘பீட்டா என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் பீட்டா காட்டும்.

அவசரப்பட்டு இந்தத் தட்டிலேயே கேட்டலேஸ் பார்க்கக் கூடாது. சின்னப் புள்ளியைத் தொடும்போது பக்கத்துப் பெரிய காலனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் குமிழ் வந்துவிடும். மஞ்சள் காலனியை நியூட்ரியன்ட் அகாரிலும், புள்ளிக் காலனியைப் புதிய ரத்த அகாரிலும் தனித்தனியே பிரித்து வளருங்கள். ரத்த அகாரில் நெருக்கமாகத் தேய்த்த பகுதியின் மேல் 0.04 யூனிட் பேசிட்ராசின் டிஸ்க் ஒன்றை வைத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்

கேட்டலேஸுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பாட்டிலைத் திறந்து வெயிலில் வைத்திருந்தால் வீரியம் போய்விடும், ஆகவே தெரிந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சியால் காலனியை எடுத்து ஸ்லைடில் வைத்து, அதன் மேல் ஒரு சொட்டு விட்டு, உடனே பெட்ரி மூடியால் மூடுங்கள். குமிழ் வெடிக்கும்போது கிருமி தெறிக்கும். நைக்ரோம் லூப் வேண்டாம், அந்த உலோகமே குமிழ் வரவைக்கும்.

மஞ்சள் காலனியில் சில நொடிகளில் குபுகுபுவென்று குமிழ் வரும். புள்ளிக் காலனியை எடுக்கும்போதுதான் கவனம். அது ரத்த அகாரில் வளர்ந்தது, சிவப்பணுவிலேயே கேட்டலேஸ் உண்டு. காலனியின் தலையை மட்டும் தொட்டு எடுங்கள், அகார் துணுக்கு ஒட்டக் கூடாது. அதே தட்டில் வளர்ச்சி இல்லாத இடத்தைக் குச்சியால் கீறி, அதையும் ஒரு சொட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குமிழ் வந்தால் நீங்கள் பார்த்தது ரத்தத்தின் கேட்டலேஸ். நம் புள்ளிக் காலனி அசையாமல் கிடக்கிறது: கேட்டலேஸ் நெகட்டிவ். என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் சில சமயம் தாமதமாக ஒன்றிரண்டு குமிழ் விடும், அதைப் பாசிட்டிவ் என்று எழுதிவிட வேண்டாம்.

இனி கோயாகுலேஸ் மஞ்சள் காலனிக்கு மட்டும். ஸ்லைடில் உப்புநீர்ச் சொட்டு இரண்டு வைத்து, இரண்டிலும் காலனியைக் கரையுங்கள். கரைத்ததுமே திரிந்தால் அந்தக் காலனிக்கு ஸ்லைடு சோதனை செல்லாது. திரியவில்லையென்றால் ஒன்றில் மட்டும் ஒரு லூப் பிளாஸ்மா சேர்த்துக் கலக்குங்கள். 10 நொடிக்குள் திட்டுத்திட்டாகத் திரிந்தால் பாசிட்டிவ். ஆனால் சில ஆரியஸ் இதில் நெகட்டிவ் காட்டும், ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும். அதனால் குழாய்ச் சோதனையே கடைசிச் சொல்.

ஈடிடிஏ சேர்த்த முயல் பிளாஸ்மாவை உப்புநீரில் ஆறில் ஒரு பங்காக நீர்த்து, சிறு குழாயில் அரை மில்லி எடுத்து, சில காலனிகளைக் கரைத்து 37 டிகிரியில் வையுங்கள். கூடவே தெரிந்த பாசிட்டிவ் ஒன்று, தெரிந்த நெகட்டிவ் ஒன்று, வெறும் பிளாஸ்மா ஒன்று. சிட்ரேட் பிளாஸ்மா என்றால் சிட்ரேட்டைத் தின்னும் என்டெரோகாக்கஸ்கூட உறையவைத்துவிடும்.

ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரத்தில் குழாயை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குலுக்கினால் அரைகுறையாக உறைந்ததும் கலைந்துவிடும். சாய்த்தாலும் ஓடாமல் கட்டித் தயிர் போல நின்றால் பாசிட்டிவ். மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் மட்டும் பார்ப்பது பெரிய பிழை. பல ஆரியஸ் வகைகள் ஸ்டெஃபைலோகைனேஸ் சுரந்து, தாம் உறையவைத்ததைத் தாமே இரவில் கரைத்துவிடும். காலையில் நெகட்டிவாகத் தெரிவது முந்தின மாலை பாசிட்டிவாக இருந்திருக்கும். நான்கு மணி வரை உறையாத குழாயைத்தான் அறை வெப்பத்தில் இரவு விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

நம் குழாய் இரண்டாம் மணி பார்வையிலேயே உறைந்து நிற்கிறது. மனிதச் சீழில் இருந்து வந்த கேட்டலேஸ் பாசிட்டிவ், கோயாகுலேஸ் பாசிட்டிவ் கொத்துக் காக்கஸ் என்பதால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றே ரெக்கார்டில் எழுதலாம். நாய்க்கடிப் புண்ணாக இருந்தால் அப்படி எழுதத் தயங்க வேண்டும், நாயின் வாயில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸும் குழாயில் பாசிட்டிவ். கோயாகுலேஸ் நெகட்டிவாக வந்திருந்தால் அது பெரும்பாலும் காலின் மேல்தோலில் இருந்து ஸ்வாபில் ஒட்டியது.

புள்ளிக் காலனித் தட்டில் பேசிட்ராசின் டிஸ்க்கைச் சுற்றி வளர்ச்சி இல்லாத வளையம் தெரிகிறது. கேட்டலேஸ் நெகட்டிவ், அகன்ற பீட்டா, பேசிட்ராசினுக்கு அடங்குகிறது. இதற்கு ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், உத்தேசம்’ என்று எழுதுங்கள். சி, ஜி தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிலும் சில பேசிட்ராசினுக்கு அடங்கும் என்பதால், பிஒய்ஆர் சோதனையோ லான்ஸ்ஃபீல்டு தொகுதி பார்க்கும் லேடெக்ஸ் சோதனையோ முடியும்வரை ‘உத்தேசம்’ என்ற சொல்லை அடிக்கக் கூடாது.