அலகு: கணினி வலையமைப்பு – அச்சுப்பொறிக்கும் கமராவுக்கும் மாறாத ஐ.பி. முகவரி ஒதுக்குதல்

வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று மக் முகவரி. அச்சுப்பொறி, கமரா போன்றவற்றில் இது தயாரிக்கும்போதே பதியப்படுவது. 48 பிட் கொண்ட இது 12 பதினறும இலக்கங்களில் எழுதப்படும். மற்றையது ஐ.பி. முகவரி. இதனை வழிப்படுத்தி (றவுட்டர்) தற்காலிகமாக வழங்குகிறது. பரீட்சார்த்தியின் அடையாள அட்டை இலக்கம் எங்கு சென்றாலும் மாறாது. அவர் இருக்கும் மேசையோ மண்டபத்துக்கு மண்டபம் மாறலாம். மக் முகவரி முன்னையதையும் ஐ.பி. முகவரி பின்னையதையும் ஒத்தவை.

ஐ.பி. முகவரிகளைத் தானாகப் பங்கிடும் நடப்பொழுங்கு டி.எச்.சி.பி. எனப்படும். இது முகவரியைக் குறித்த காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. இக்காலம் குத்தகைக் காலம் எனப்படும்.

பிரச்சினை எவ்வாறு தோன்றுகிறது?

சாவகச்சேரியில் ஒரு தொடர்பாடல் நிலையத்தைக் கற்பனை செய்வோம். அங்குள்ள வழிப்படுத்தி 192.168.1.100 முதல் 192.168.1.199 வரையான 100 முகவரிகளைப் பங்கிடுகிறது. குத்தகைக் காலம் 120 நிமிடம். அச்சுப்பொறிக்கு 192.168.1.101 உம் கமராவுக்கு 192.168.1.103 உம் கிடைத்துள்ளன. கணினி அந்த 101 என்னும் முகவரிக்கே அச்சு வேலைகளை அனுப்புகிறது.

மின் தடைப்பட்டு மீண்டும் வருகிறது. பல வழிப்படுத்திகள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை நினைவகத்தில் மட்டுமே வைத்திருப்பதால் அது அழிந்துவிடும். அச்சுப்பொறியை இயக்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் ஒருவரின் கைபேசி இணைந்து 101 ஐப் பெற்றுவிடுகிறது. பின்னர் இயங்கும் அச்சுப்பொறி தன் பழைய முகவரியைக் கேட்டாலும் அது கிடைக்காது, 192.168.1.105 கிடைக்கிறது. கணினியோ இன்னும் 101 ஐயே தேடுகிறது. அச்சுப்பொறியில் பழுது இல்லை. ஆனால் கணினித்திரையில் `Offline` எனத் தோன்றுகிறது. கமராவுக்கும் இவ்வாறே நிகழலாம்.

தீர்வு: முகவரி ஒதுக்கீடு

“இந்த மக் முகவரி கேட்டால் இந்த ஐ.பி. முகவரியையே கொடு, வேறு எவருக்கும் அதைக் கொடாதே” என்று வழிப்படுத்தியில் எழுதிவைப்பதே முகவரி ஒதுக்கீடு ஆகும். இக்குறிப்பு மின் நின்றாலும் அழியாது.

படிமுறை:

1. கணினியில் `ipconfig` கட்டளையை இட்டு `Default Gateway` என்பதற்கு எதிரேயுள்ள முகவரியைக் காண்க. அதுவே வழிப்படுத்தியின் முகவரி (இங்கு 192.168.1.1). அதனை இணைய உலாவியில் இட்டு, கடவுச்சொல்லுடன் உள்நுழைக.
2. இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் அச்சுப்பொறியின் மக் முகவரியைக் குறித்துக்கொள்க. அச்சுப்பொறி அச்சிடும் வலையமைப்பு விபரத்தாளுடன் அதனை ஒப்பிடுக.
3. `Address Reservation` பகுதிக்குச் செல்க. சிலவற்றில் இது `DHCP Reservation` அல்லது `Static Lease` எனப்படும்.
4. மக் முகவரியையும், பங்கீட்டு எல்லைக்குள் அப்போது எவரும் பயன்படுத்தாத ஒரு ஐ.பி. முகவரியையும் இட்டுச் சேமிக்க. கமராவுக்கும் அவ்வாறே செய்க.

| சாதனம் | மக் முகவரி | ஒதுக்கிய ஐ.பி. |
|---|---|---|
| அச்சுப்பொறி | 00-00-5E-00-53-0A | 192.168.1.150 |
| கமரா | 00-00-5E-00-53-0B | 192.168.1.151 |

5. இரு சாதனங்களையும் நிறுத்தி மீண்டும் இயக்குக. அப்போதே அவை புதிதாக முகவரி கேட்கும்.
6. கணினியில் அச்சுப்பொறியின் முகவரியை 150 ஆகவும், கமராவைப் பார்க்கும் மென்பொருளில் 151 ஆகவும் ஒருமுறை மாற்றுக. இதனைச் செய்யாவிடின் கணினி பழைய இடத்தையே தேடும்.

சரிபார்த்தல்

வழிப்படுத்தியையும் மீள இயக்கி, கணினியில் பின்வருவனவற்றை இடுக.

```
ping 192.168.1.150
arp -a
```

முதற் கட்டளைக்கு 192.168.1.150 இலிருந்து பதில் வரவேண்டும். ஆனால் அது போதாது. வேறொரு சாதனமும் பதிலளிக்கலாம். இரண்டாவது கட்டளையின் பட்டியலில் 150 க்கு எதிரே அச்சுப்பொறியின் மக் முகவரியே உள்ளதா எனப் பார்க்க.

கவனிக்க

• கேபிளுக்கும் வைஃபைக்கும் மக் முகவரிகள் வெவ்வேறானவை. வைஃபையின் மக் முகவரிக்கு ஒதுக்கிவிட்டுக் கேபிளில் இணைத்தால் ஒதுக்கீடு பயன்படாது.
• சாதனத்தில் முகவரியைக் கையால் எழுதாமல், தானாகப் பெறும் நிலையிலேயே விடுக. வழிப்படுத்திக்குத் தெரியாமல் பங்கீட்டு எல்லைக்குள் உள்ள ஒரு முகவரியை எழுதினால், அதே முகவரி மற்றொன்றுக்கும் வழங்கப்பட்டு முரண்பாடு ஏற்படலாம்.
• வழிப்படுத்தியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டாலோ புதியதாக மாற்றினாலோ ஒதுக்கீடு அழியும். ஆகவே மேலுள்ள அட்டவணையை எழுதி வைத்துக்கொள்க.

மாதிரி வினா

மின் தடையின் பின் 192.168.1.151 இல் கமரா தெரியவில்லை. `arp -a` பட்டியலில் அம்முகவரிக்கு எதிரே கமராவினதல்லாத மக் முகவரி உள்ளது. காரணத்தையும் தீர்வையும் தருக.

விடை: 151 ஐ வேறொரு சாதனம் பயன்படுத்துகிறது. ஒதுக்கீடு இல்லாதிருத்தல், தவறான மக் முகவரிக்கு ஒதுக்கியிருத்தல், வேறொரு சாதனத்தில் 151 கையால் எழுதப்பட்டிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். ஒதுக்கீட்டுப் பட்டியலில் கமராவின் மக் முகவரியைச் சரிபார்த்துத் திருத்தி, மற்றைய சாதனத்தைத் தானாக முகவரி பெறும் நிலைக்கு மாற்றி, இரண்டையும் மீள இயக்க வேண்டும்.